பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு மீன் சந்தை

தேவையும் அளிப்பும் சந்திக்கும் இடத்தில் விலை நிலைக்கிறது என்று தமிழ்நாட்டின் பதினோராம் வகுப்புப் பொருளியல் மாணவர் அனைவரும் படிக்கிறார்கள். இரண்டு கோடுகள் வெட்டும் படத்தைப் பிழையின்றி வரைந்தும் விடுகிறார்கள். ஆனால் அந்தப் புள்ளிக்கு விலையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. வகுப்பறைக்குள் ஒரு சந்தையை நடத்தி, பிறகு அதைப் பற்றிக் கேள்விகள் கேட்டு ஆராயும் முறை இந்த இடைவெளியை நிரப்புகிறது. அமெரிக்கப் பள்ளிகளில் இதைக் கோதுமைச் சந்தையாக நடத்தும் வழக்கம் உண்டு. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள பள்ளிகளுக்குக் கோதுமையைவிட சங்கரா மீன் பொருத்தமானது. கோவளம், மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் கரைகளில் மீன் விலை பேசப்படுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அந்த வகுப்புகளில் இருப்பார்கள்.

இருபது மாணவர் போதும். பத்துப் பேர் விற்பவர், பத்துப் பேர் வாங்குபவர். ஆளுக்கு ஓர் அட்டை, சீட்டுக் குலுக்கித் தரப்படுகிறது. விற்பவர் அட்டைகளில் 100, 120, 140 என்று இருபது இருபதாக ஏறி 280 வரை எண்கள் இருக்கும். அந்த ரூபாய்க்குக் குறைத்து ஒரு கிலோ மீனை விற்கக் கூடாது. வாங்குபவர் அட்டைகளில் 300, 280, 260 என்று இறங்கி 120 வரை எண்கள். அதற்கு மேல் கொடுக்கக் கூடாது. அட்டையை யாரிடமும் காட்டக் கூடாது. ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம். ஒருவர் ஒரு கிலோ மட்டுமே விற்கலாம் அல்லது வாங்கலாம். பேரம் படிந்ததும் இருவரும் ஆசிரியர் மேசைக்கு வந்து அட்டையைக் காட்ட, ஒரு மாணவர் விலையை மட்டும் கரும்பலகையில் எழுதுகிறார். அட்டை எண்ணுக்கும் பேசிய விலைக்கும் உள்ள வித்தியாசமே அவரவர் லாபம். பேரம் படியாதவருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அட்டைகளை மாற்றாமல் மூன்று சுற்று நடத்த வேண்டும்.

இந்த அட்டைகளின்படி சமநிலை விலை 200 ரூபாய். அந்த விலையில் ஐந்து கிலோ கைமாறும். 200 என்ற அட்டை வைத்திருக்கும் இருவரும் லாபமில்லாமல் ஒப்புக்கொண்டால் ஆறு. எல்லோருடைய லாபத்தையும் கூட்டினால் 600 ரூபாய். இந்த எண்களை ஆசிரியர் முன்கூட்டிச் சொல்லக் கூடாது.

சந்தையை எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்தே முடிவு அமைகிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் சேம்பர்லின் தம் மாணவரை வைத்து இத்தகைய சந்தையை நடத்தி, 1948இல் முடிவுகளை வெளியிட்டார். மாணவர் இருவர் இருவராக ஒதுங்கிப் பேரம் பேசினார்கள். கோட்பாடு சொன்னதைவிட அதிகமான பேரங்கள் படிந்தன. அந்த வகுப்பில் மாணவராக இருந்த வெர்னன் ஸ்மித், 1956இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்தார். கேட்கும் விலையும் தரும் விலையும் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லப்பட்டன. அதே சந்தை பல சுற்றுகள் தொடர்ந்தது. விலை வியப்பூட்டும் வேகத்தில் சமநிலையை நெருங்கியது. பரிசோதனைப் பொருளியல் என்ற துறைக்கு அடித்தளமிட்ட இந்தப் பணிக்காக அவருக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே முதல் சுற்றைச் சேம்பர்லின் வழியிலும், அடுத்த இரண்டையும் ஸ்மித் வழியிலும் நடத்துவது நல்லது. முதல் சுற்றில் விலைகளைக் கரும்பலகையில் எழுதாமல் தாளில் குறித்து வைத்துக்கொள்ளலாம். அந்தச் சுற்றில் ஏழெட்டுப் பேரங்கள் படிந்தால் வகுப்பு மகிழும். கலந்துரையாடலின் முதல் கேள்வி அங்கிருந்தே பிறக்க வேண்டும்: அதிகப் பேரம் படிந்த சந்தைதான் நல்ல சந்தையா? மிகையான ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்க்கலாம். 300 அட்டைக்காரர் 280 அட்டைக்காரரிடம் வாங்குகிறார், 280 அட்டைக்காரர் 260 அட்டைக்காரரிடம் வாங்குகிறார் என்று கடைசிவரை இணைத்தால் பத்துப் பேரமும் படிந்துவிடும். ஆனால் ஒரு ஜோடிக்கு 20 ரூபாய் வீதம் மொத்த லாபம் 200 ரூபாய்தான். ஐந்தே பேரத்தில் வந்தது 600. விலை எல்லோருக்கும் தெரிந்த சந்தையில் செலவு கூடிய விற்பனையாளரும் குறைந்த விலையே தரக்கூடிய வாங்குபவரும் வெளியே நிற்கிறார்கள். அந்த ஒதுக்கத்தை ஆசிரியர் செய்யவில்லை, விலை செய்தது. கோடுகளை வரைய வேண்டிய நேரம் இதுதான். எல்லா அட்டைகளையும் திறந்து வரிசைப்படுத்தினால் இரண்டு கோடுகளும் படிக்கட்டுகளாகக் கரும்பலகையில் எழும்பும்.

அடுத்த சுற்று தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. 2017இலிருந்து இது 61 நாள். காசிமேட்டு விசைப்படகுகள் நிற்கும்போது மாமல்லபுரம் கரையின் ஃபைபர் படகுகள் கடலுக்குப் போகலாம். வகுப்பில் 120, 160, 200, 240 அட்டைக்காரர் நால்வரையும் உட்கார வைத்தால் போதும். நான்கு கிலோ மட்டும் கைமாறும். விலை 220க்கும் 240க்கும் நடுவில் நிற்கும்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தேவை குறைந்ததா? பெரும்பாலான மாணவர் ஆம் என்பார்கள். விலை ஏறியது, வாங்கியவர் குறைந்தார்கள், ஆகவே தேவை குறைந்தது என்பது அவர்கள் வாதம். தேர்வுத் தாள்களிலும் மீண்டும் மீண்டும் வரும் தவறு இது. வாங்குபவர் அட்டைகளில் ஓர் எண்ணாவது மாறியதா என்று திருப்பிக் கேட்டால் அவர்களே திருத்திக்கொள்வார்கள். தேவைக் கோடு இருந்த இடத்தில் இருக்கிறது. அளிப்புக் கோடு இடப்பக்கம் நகர்ந்ததால், வாங்கும் அளவு தேவைக் கோட்டின் மேலேயே வேறொரு புள்ளிக்குப் போயிற்று.

விளையாட்டு பழுதாவதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. முதல் ஒரு நிமிடத்துக்குள் எல்லாப் பேரமும் முடிந்தால் அட்டைகள் வெளியே தெரிந்துவிட்டன என்று பொருள். 280 அட்டைக்காரர் 250க்கு விற்றிருந்தால் அவருக்கு விதி புரியவில்லை, அல்லது சும்மா நிற்பதை அவமானமாக நினைக்கிறார். விற்காமலிருப்பதும் சரியான முடிவுதான் என்பதை முதல் சுற்றுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

கரையோரப் பிள்ளை ஒருவர் எழுப்பக்கூடிய மறுப்பு இன்னும் கனமானது. கரைக்கு வந்துவிட்ட மீனுக்கு டீசல் செலவு ஏற்கெனவே முடிந்துபோன செலவு. மீன் கெடும், கிடைத்த விலைக்கு விற்றுத்தான் ஆக வேண்டும். இந்த மறுப்பு சரியானது. ஆகவே விற்பவர் அட்டையிலுள்ள எண்ணைப் பிடிப்பதற்கான செலவு என்று விளக்காமல், ஐஸ் பெட்டியில் வைத்து வேறு சந்தைக்கு அனுப்பினால் கையில் நிற்கும் தொகை என்று விளக்குவதே பொருந்தும்.

நேரம் இருந்தால் இன்னொரு சுற்று. தமிழகக் கரைகளில் படகுக்கும் வலைக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் அவரிடமே மீனைக் கொடுக்க வேண்டிய நிலை உண்டு. முதல் அட்டைகளையே மீண்டும் கொடுத்து, 100 அட்டைக்காரர் 220 அட்டைக்காரருக்கு மட்டுமே, அதுவும் 140 ரூபாய்க்கே விற்க வேண்டும் என்று விதிக்கலாம். மற்றவர்களின் விலை 200 ஆகவே இருக்கும். பேரங்களின் எண்ணிக்கையும் மொத்த லாபம் 600 என்பதும் மாறா. ஆனால் கட்டுண்ட விற்பனையாளருக்கு 100 ரூபாய்க்குப் பதில் 40 கிடைக்கிறது. வாங்கியவரின் 20 ரூபாய் 80 ஆகிறது. மொத்த லாபத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்தச் சந்தையில் ஒரு குறையும் தெரியாது. யாருக்கு எவ்வளவு போயிற்று என்று தனித்தனியாக எழுதச் சொன்னால்தான் தெரியும். இந்தச் சுற்றின் கலந்துரையாடலில் கேள்விகள் அட்டை எண்களைத் தாண்டக் கூடாது. வகுப்பிலிருக்கும் மாணவர் ஒருவரின் வீட்டிலேயே அப்படி ஒரு முன்பணம் இருக்கலாம். அதைச் சொல்லச் சொல்வது ஆசிரியரின் வேலையல்ல.