தாளின் சொரசொரப்பு

பென்சில் ஓவியம் பழகத் தொடங்கி நான்கு மாதம். 2H முதல் 6B வரை ஒரு பெட்டிப் பென்சில் வாங்கி வைத்திருந்தேன். ஆனாலும் நிழல் போடும்போது, ஒரே பென்சில் ஒரு நோட்டில் கருப்பாகவும் இன்னொன்றில் வெளிறியும் விழுந்தது. காரணத்தைத் தாள் செய்கிறவர்களிடமே கேட்கலாம் என்று புதுச்சேரிப் பக்கம் ஒரு கைக்காகிதக் கூடத்துக்குப் போனேன்.

வாசலிலேயே திருப்பூர் பனியன் வெட்டுத்துணி மூட்டைகள். பருத்தி தவிர எதுவும் கலந்துவிடாமல் இரண்டு பெண்கள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். துணியைப் பொடியாக நறுக்கி, தண்ணீரோடு சேர்த்து, இரும்புக் கத்திகள் சுழலும் தொட்டியில் மணிக்கணக்கில் அடித்தால் மோர் போன்ற கூழ் கிடைக்கிறது. சட்டம் பிடிக்கும் அக்கா கம்பிவலைச் சட்டத்தைத் தொட்டிக்குள் சாய்த்து இறக்கி, மட்டமாகத் தூக்கி, இரண்டு பக்கமும் ஒரு குலுக்குக் குலுக்கினார். தண்ணீர் வடிந்ததும் ஈரத்தாளைத் துணிமேல் கவிழ்த்தார். அடுக்கு உயர்ந்ததும் அழுத்தி நீர் பிழிந்து கொடியில் உலர்த்துகிறார்கள். பிறகு பசை ஏற்றி மறுபடி காய வைக்கிறார்கள்.

எனக்கு வேண்டிய விடை கடைசி வேலையில்தான் இருந்தது. காய்ந்த தாள்களைத் துத்தநாகத் தகடுகளுக்கு நடுவே அடுக்கி உருளையில் விடுகிறார்கள். ஒவ்வொரு முறை போய் வரும்போதும் மேடு அமுங்கிப் பள்ளம் குறைகிறது. அக்கா எனக்காக மூன்று தாள் எடுத்து வைத்தார். ஒன்று உருளையே காணாதது, ஒன்று ஒரு முறை போனது, ஒன்று பல முறை போய் வழவழப்பானது. மூன்றும் ஒரே தொட்டிக் கூழ்.

முற்றத்தில் இருந்த மண்பானையை மூன்றிலும் வரைந்தேன். பென்சிலின் கரு கிராஃபைட் பொடியும் களிமண்ணும் கலந்து சுட்டது. 1795-இல் பிரான்சில் கோன்டே கண்ட முறை இது. களிமண் கூடினால் கரு இறுகும், அது H பக்கம். கிராஃபைட் கூடினால் மெத்தென்று கருக்கும், அது B பக்கம். இரண்டிலும் எண் ஏற ஏற அந்தக் குணம் கூடும். ஆனால் அந்தக் கருவைத் தேய்த்து எடுப்பது தாள்தான், அரம் இரும்பைத் தேய்ப்பதுபோல.

வழவழப்பான தாளில் 2H பானையின் வெளிச்சப் பக்கத்தை அழகாகத் தந்தது. 6B-யோ இரண்டு பூச்சிலேயே பளபளத்து, அதற்குமேல் கருக்க மறுத்தது. கருவைப் பிடித்துக்கொள்ளப் பள்ளம் இல்லை. உருளை காணாத தாளில் 2H மேடுகளை மட்டும் தொட்டுப் புள்ளிபுள்ளியாக வெளிறி நின்றது. 6B நல்ல கருப்பாக விழுந்தாலும் இடையிடையே வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தன. மண்பானைக்கு அந்தப் பொட்டுகள் பொருந்தின. முகம் வரைந்திருந்தால் அம்மைத் தழும்பாகியிருக்கும்.

ஒரு முறை உருளையில் போன தாளில்தான் தவறு செய்தேன். பானையின் அடிநிழலைக் கருப்பாக்க 2H-ஐயே அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். போதாமல் மேலே 4B ஓட்டினால் அது வழுக்கியது, நடுவே மெல்லிய வெள்ளைக் கோடுகள். அக்கா தாளை வாங்கி வெயிலுக்குச் சாய்த்துக் காட்டினார்.

“உழுத மாதிரி இருக்கு பாரு தம்பி. ரப்பர் போட்டாலும் இது போகாது.”

கடினமான முனை தாளில் சால் கீறி, சுற்றியிருந்த மேடுகளையும் நசுக்கிவிட்டது. மெத்தென்ற கரு அந்தச் சாலுக்குள் இறங்காமல் மேலாகவே ஓடிவிடுகிறது.

அதே தாளின் மறு பாதியில் வரிசையை மாற்றினேன். பானை முழுக்க HB-யைச் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல், ஒரு மெல்லிய பூச்சு. நிழல் பக்கத்தில் கோட்டின் திசையை மாற்றி 2B, அடியில் மட்டும் 4B. வெள்ளைப் பொட்டுகள் மிஞ்சிய இடத்தில் மறுபடி HB-யை லேசாக ஓட்டினேன். இறுகிய முனை, மேட்டில் தங்கியிருந்த 4B பொடியைப் பள்ளத்துக்குள் தள்ளி நிரப்பியது. இறுகிய பென்சிலுக்கு இப்படி ஒரு வேலை இருப்பது அன்றுதான் தெரிந்தது. விரலால் தேய்த்து நிரப்பும் பழக்கத்தையும் அங்கேயே விட்டேன். விரலின் எண்ணெய் பட்ட இடம் திட்டாகி, ரப்பருக்கும் அசையாது.

ரப்பர் போட்டால் நார் எழும்பும் தாளைப் பற்றியும் கேட்டேன். அக்கா பசை ஏற்றாத தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார், உடனே உறிஞ்சியது. பசைத்தாளில் சொட்டு முத்தாக நின்றது. உறிஞ்சுகிற தாளில் நார்கள் கட்டுப்படாமல் கிடக்கும். அதில் அழிக்காமல் வரையத் தெரிந்தவர்தான் வரைய வேண்டும்.

கிளம்பும்போது, ஒரு முறை உருளையில் போன தாளில் பத்து வாங்கினேன். வீணான தாள் மறுபடி கூழாகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். என் பானைத் தாள்களையும் வெள்ளைத்துணி நறுக்குகளின் மேல் போடப் போனேன். அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

“அதுல வேணாம் தம்பி. கரி இறங்கினா தொட்டியே மங்கிடும். அந்தக் கூடையில போடு, அட்டைக்கு ஆகும்.”