மைலோ டின்னில் ஒரு கடிதம்

அக்கா 2019 மார்ச்சில் இறந்தாள். ஆகஸ்டில் நான் எனக்கே ஒரு கடிதம் எழுதினேன். பள்ளிப் பயிற்சிப் புத்தகத்திலிருந்து கிழித்த இரண்டு தாள். அவசரத்துக்குக் காசு போட்டு வைக்கும் பழைய மைலோ டின்னில், மின்சார பில்களுக்கு அடியில் அது இருக்கிறது. ரொம்ப மோசமான நாளில் மட்டும்தான் அதைத் திறக்க வேண்டும் என்பது நானே வைத்துக்கொண்ட சட்டம்.

துக்கம் ஒரே சீராக இருப்பதில்லை. மார்கரெட் ஸ்ட்ரோபெ, ஹெங்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் இதை ஓர் ஊசலாட்டமாக விளக்கினார்கள். ஒரு பக்கம் இழப்பு, மறு பக்கம் அன்றாடம். மனிதர் இரண்டுக்கும் நடுவில் போய்ப் போய் வருகிறார். நானும் அப்படித்தான் இருந்தேன். காலையில் பாசாரில் கெம்போங் மீனுக்குப் பேரம் பேசுவேன். சாயங்காலம் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். அன்றாடத்தின் பக்கம் நிற்கிற ஒரு நாளில்தான் இந்தக் கடிதத்தை எழுத முடியும். அழுதுகொண்டிருக்கும்போது எழுதினால் அது நாட்குறிப்பாகிவிடும். அதுவும் நல்லதுதான், ஆனால் அதன் வேலை வேறு.

சிக்கல் என்னவென்றால், மோசமான நாளுக்கு நல்ல நாள் ஞாபகத்தில் இருக்காது. கோர்டன் பவர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1981இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. ஆட்களை அறிதுயிலில் ஆழ்த்தி, மகிழ்ச்சியோ சோகமோ வரவழைத்து, பழைய சம்பவங்களைச் சொல்லச் சொன்னார். சோகமாக இருந்தவர்களுக்குச் சோகமான சம்பவங்களே அதிகம் வந்தன. எனக்கும் அதே கதைதான். போன வாரம் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். ஆனால் அந்த நாளில் கேட்டால், மார்ச்சிலிருந்து ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை என்று சத்தியம் செய்வேன். தங்கச்சி சொன்னால் நம்ப மாட்டேன். சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைப்பேன். என் சொந்தக் கையெழுத்தை அப்படித் தள்ள முடியாது. ‘ற’வுக்கு நான் போடும் அந்தக் கோணல் வால் வேறு யாருக்கும் வராது.

அதனால் கடிதத்தில் ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லை. ‘காலம் ஆற்றும்’ என்று எழுதியிருந்தால் அந்த ராத்திரியே கிழித்துப் போட்டிருப்பேன். எழுதியதெல்லாம் சரிபார்க்கக்கூடிய விஷயங்கள். தொடக்கம் இப்படி:

“இதப் படிக்கிறேன்னா நீ ரெண்டு ராத்திரி தூங்கல. சாயங்காலம் வரைக்கும் பசியாறல. தலை சீவல. சரிதானே? இதே மாதிரி ஜூன்லயும் வந்துச்சு. அப்பவும் இனி அவ்வளவுதான்னு நெனச்ச. மூணாவது நாள் மத்தியானம் கொஞ்சம் விட்டுச்சு. ஏன்னு தெரியாது. விட்டுச்சு, அவ்வளவுதான். இப்ப எழுந்து ரெண்டு துண்டு ரொட்டில காயா தடவி சாப்டு. பிடிக்கணும்னு இல்ல, முழுங்கு. அப்புறம் மீதியப் படி.”

அந்த மூன்று அடையாளங்களும் நான் என்னைக் கவனித்துக் கண்டுபிடித்தவை. அழுகையை அடையாளமாக வைக்கவில்லை. அழுகிற நாள் பெரும்பாலும் சமாளிக்கக்கூடிய நாள். சீப்பைத் தொடாத நாள்தான் ஆபத்து. மூன்றும் சேர்ந்து வந்தால்தான் டின்னைத் திறக்கலாம். கண்ட நேரமெல்லாம் படித்தால் வரிகள் மனப்பாடமாகிவிடும், பிறகு அது தேவார வகுப்பில் ஒப்பிப்பதுபோல் ஆகிவிடும்.

அக்காவின் குரலில் எழுதலாமா என்று ஓர் ஆசை வந்தது. “ஏ புள்ள, எதுக்கு இப்படி கெடக்கிற?” என்று அவள் கேட்பதுபோல. அம்மா போனபின் எங்களை வளர்த்தவள் அவள். அவள் பேச்சு எனக்கு அத்துப்படி. ஆனாலும் எழுதவில்லை. அது அவள் சொன்னதாக இருக்காது, நான் சொல்ல வைத்ததாகத்தான் இருக்கும். மோசமான நாளில் மனம் பொய்யை உடனே மோப்பம் பிடிக்கும். அவள் உண்மையில் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதி வைத்தேன். அதை இங்கே எழுதப் போவதில்லை.

முதல் தாளின் கடைசியில் கட்டம் போட்டு ஒரு பத்தி இருக்கிறது. “அக்கா இருக்கிற இடத்துக்கே போயிடலாம்னு தோணுச்சுன்னா இந்தக் கடிதத்த மூடு. இது அதுக்கு எழுதினது இல்ல. மாமாவுக்குப் போன் பண்ணு. எத்தன மணியா இருந்தாலும் பரவால்ல. இல்லன்னா பிஃப்ரெண்டர்ஸுக்குப் பண்ணு.” அவர்களின் எண்ணையும் பெரிதாக எழுதி வைத்திருந்தேன். காகிதம் திருப்பிக் கேள்வி கேட்காது. நான் படித்தேனா, பாதியில் தூக்கிப் போட்டேனா என்றும் அதற்குத் தெரியாது. அந்த நிலையில் மூச்சு விடுகிற ஓர் ஆள் வேண்டும்.

முதல் தடவை திறந்தது அந்த வருஷத் தீபாவளியன்று, 27.10.2019. முறுக்கு அச்சை வெளியே எடுத்ததுதான் காரணம். ரொட்டி சாப்பிட்டேன். கடிதம் சொன்னபடி, தாளின் பின்பக்கம் தேதியைப் போட்டேன். மறுநாள் எப்போது விட்டது என்பதையும் எழுதினேன்: ‘மதியம் 2 மணி, தூங்கி எழுந்தபின்.’

இரண்டாவது தடவை 2020 மார்ச், முதல் ஆண்டுத் திதி. “திதி நாள்ல கிள்ளான்ல தனியா இருக்காத. ஈப்போவுக்கு பஸ் ஏறு. மாமா வீட்டுல அவ ஊஞ்சல்ல உக்காரு” என்று கடிதத்தில் இருந்தது. மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு. மாநிலம் தாண்டிப் போக முடியாது. எழுதிய ஆகஸ்டில் யாருக்கு இது தெரியும்? தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இத்தகைய கடிதத்தின் பலவீனம் அங்கேதான் எனக்குப் புரிந்தது. வெளியுலகத்தை நம்பி எழுதிய வரி வெளியுலகம் மாறினால் செத்துவிடும். ரொட்டி, தண்ணீர், போன் என்று வீட்டுக்குள்ளேயே முடிகிற வரிகள்தான் நின்றன. மாமாவுக்கு வீடியோ கால் போட்டேன். அவர் பேசவில்லை. போனைக் காலி ஊஞ்சலுக்கு எதிரே வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கோப்பி குடித்தார். அரை மணி நேரம் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பின்பக்கத்தில் எழுதினேன்: ‘நாலாவது நாள் காலை. மழை.’

இப்போது பின்பக்கத்தில் ஏழு தேதிகள் இருக்கின்றன. நான் யோசித்து யோசித்து எழுதிய முன்பக்கத்தைவிடக் கிறுக்கலான அந்தப் பின்பக்கம்தான் அதிகம் உதவியது. ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் விட்ட நேரம் இருக்கிறது. ஆறாவது தடவை முன்பக்கத்தைப் படிக்கவே இல்லை. நேராகத் திருப்பி, பட்டியலைப் பார்த்துவிட்டு ரொட்டி எடுக்கப் போனேன். தேதிகளுக்கு இடையிலான தூரமும் கூடியிருக்கிறது, ஆனால் ஒழுங்காக இல்லை. 2021இல் ஒன்றுமே இல்லை. 2022இல் ஒரே மாதத்தில் இரண்டு. ஏனென்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

2023இல் பில் தேடும்போது கடிதம் கையில் வந்தது. அன்று தலை சீவியிருந்தேன், வயிறும் நிறைந்திருந்தது. சட்டத்தை மீறிப் படித்தேன். எழுதியவள் யாரோ சின்னப் பெண்போல் இருந்தாள். என்னைவிட நாலு வயசுதான் இளையவள். ‘பயப்படாதே’ என்று இரண்டாவது தாளில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாள். எழுதும்போது அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்தத் தாளில் இன்னொரு வரியும் இருந்தது. “ஃப்ரீஸர்ல அக்கா அரச்ச கறித்தூள் இருக்கு. கொட்டிடாத. சமைக்கவும் வேணாம். இருக்கட்டும்.” அந்தத் தூள் போன வருஷமே தீர்ந்துவிட்டது. அக்கா மகள் லீவுக்கு வந்தபோது, “சித்தி, அம்மா வெக்கிற மீன் கறி வேணும்” என்றாள். கட்டியாகிப் போயிருந்ததைக் கரண்டியால் உடைத்துப் போட்டேன். வாசம் பாதி போயிருந்தது. அவள் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

பேனா எடுத்து அந்த வரியை அடித்தேன். பக்கத்தில் தேதி போட்டு, ‘தீர்ந்தது. அவ மக சாப்பிட்டா’ என்று எழுதி, மடித்து டின்னில் வைத்தேன்.