எதிரெதிரே இரண்டு செருப்புக் கடைகள்

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். வேலூரில் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் வருடம் படிக்கிறாள். "தாத்தா, இந்த ஆட்டக் கோட்பாடு மண்டையில ஏறவே மாட்டேங்குது. கைதிகளின் இக்கட்டுன்னு ஒண்ணு இருக்கு. அதுல கடை எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியலை" என்றாள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிறகு முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளினேன். ஓய்வு பெற்றபின் மனைவியின் ஊரான இந்தப் பள்ளிகொண்டாவுக்கு வந்துவிட்டேன். பொருளாதாரம் எனக்குப் பாடம் அல்ல, கேட்டு வாசித்துத் தெரிந்துகொண்டதுதான். ஆனால் கடைகள் எங்கிருந்து வந்தன என்பது மட்டும் எனக்குத் தெரியும். 1838இல் கூர்னோ என்ற பிரெஞ்சுக்காரர், இரண்டு பேர் ஆளுக்கொரு ஊற்று வைத்துக்கொண்டு தண்ணீர் விற்பதாகக் கற்பனை செய்து கணக்குப் போட்டார். எவ்வளவு தண்ணீர் விற்பது என்பதை அவர்கள் தீர்மானிப்பதாக அவர் கணக்கு. 1883இல் பெர்த்ரான் என்பவர் அந்தப் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதும்போது, "அளவை ஏன் பார்க்கிறீர்கள், விலையைப் பாருங்கள், ஒருவர் கொஞ்சம் குறைத்தால் கூட்டம் அங்கே போய்விடுமே" என்ற பொருளில் கேட்டார். கைதிகள் வந்தது 1950இல்தான். அமெரிக்காவில் ஃப்ளட், டிரெஷர் என்ற இருவர் இந்த ஆட்டத்தை வகுத்தார்கள். ஆல்பர்ட் டக்கர் அதற்குக் கைதிக் கதையைச் சேர்த்தார். தனித்தனி அறையில் அடைத்த இருவரில் ஒருவன் மட்டும் காட்டிக்கொடுத்தால் அவனுக்கு விடுதலை, மற்றவனுக்குப் பெரிய தண்டனை. இருவரும் வாய் திறக்காவிட்டால் இருவருக்கும் சிறிய தண்டனை. இருவருமே காட்டிக்கொடுத்தால் இரண்டுக்கும் நடுவில். ஆக, கதையில்தான் கைதி புதிது. சரக்கு கடைத்தெருவுடையது.

"கைதியை விடும்மா. எதிரெதிரே ரெண்டு செருப்புக் கடைன்னு வெச்சுக்க" என்றேன்.

ஒரே மாதிரிச் செருப்பு. கடைக்காரருக்கு ஜோடி 200 ரூபாய்க்கு வருகிறது. ஊரில் மாதம் நூறு ஜோடி விற்கும். விலை 300 அல்லது 260, இந்த இரண்டில் ஒன்று. இருவரும் 300 வைத்தால் ஆளுக்கு ஐம்பது ஜோடி, ஜோடிக்கு 100 லாபம், 5,000 ரூபாய். நான் மட்டும் 260 வைத்தால் தொண்ணூறு பேர் என்னிடம் வருவார்கள். ஜோடிக்கு 60 வீதம் எனக்கு 5,400. எதிர்க்கடைக்குப் பத்துப் பேர், 1,000. இருவரும் 260 வைத்தால் ஆளுக்கு ஐம்பது ஜோடி, 3,000.

இங்கேதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். அவளும் இருவரின் லாபத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "பத்தாயிரம் வர்றதுதானே நல்லது, ரெண்டு பேரும் 300 தானே வெப்பாங்க?" என்றாள். கூட்டக் கூடாது. கடைக்காரர் அடுத்தவர் கல்லாவை எண்ணுவதில்லை. எதிராளி என்ன செய்கிறார் என்பதை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, என் இரண்டு எண்களை மட்டும் ஒப்பிட வேண்டும். அவர் 300 வைத்தால், எனக்கு 5,000ஆ 5,400ஆ? குறைப்பது லாபம். அவர் 260 வைத்தால், எனக்கு 1,000ஆ 3,000ஆ? அப்போதும் குறைப்பதே லாபம். அவர் எதைச் செய்தாலும் எனக்கு ஒரே பதில் என்றால் அதற்கு ஆதிக்க உத்தி என்று பெயர். அவருக்கும் அதே கணக்குதான். இருவரும் 3,000இல் போய் உட்காருவார்கள். அங்கிருந்து ஒருவர் மட்டும் விலையேற்றினால் 1,000க்கு விழுவார், அதனால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அதைத்தான் நாஷ் சமநிலை என்கிறார்கள்.

எழுதி முடித்ததும் எனக்கு வேறு நினைவு வந்துவிட்டது.

நான் இங்கே வந்த புதிதில் ஒரு செருப்புக்கடைக்காரர் பழக்கமானார். சாயங்காலம் அவர் கடை ஸ்டூலில்தான் உட்கார்ந்திருப்பேன். எதிரே புதிதாக ஒரு கடை திறந்தார்கள். இவருக்குக் கலக்கம். "சார், நீங்க கணக்கு வழக்கு பாத்தவர், சொல்லுங்க" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "அவர் குறைக்கிறதுக்கு முன்னாடி நீங்க குறைச்சிடுங்க" என்றேன். குறைத்தார். எதிரேயும் குறைத்தார்கள். அதன்பிறகு இரண்டு கடையிலும் விலை ஏறவே இல்லை. சில வருடத்தில் இவர் கடையை எடுத்துவிட்டார். காரணம் அது மட்டும்தானா என்று சொல்லத் தெரியாது. அவர் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. இப்போது அவர் இல்லை.

அந்தப் பெண்ணின் நோட்டில் அதே கட்டத்தை மறுபடி போட்டேன், ஒரு எண்ணை மட்டும் மாற்றி. விலை குறைத்தவரிடம் தொண்ணூறு பேர் வராமல் அறுபத்தைந்து பேர்தான் வருகிறார்கள் என்று வைப்போம். மீதி முப்பத்தைந்து பேர் பழகிய கடை, கடன் தருகிற கடை, அறுந்தால் சும்மா தைத்துத் தருகிற கடை என்று நின்றுவிடுகிறார்கள். இப்போது குறைத்தவருக்கு 65 ஜோடிக்கு 3,900. 300இலேயே இருந்திருந்தால் 5,000. குறைக்காதவருக்கு 35 ஜோடிக்கு 3,500. பதிலுக்குக் குறைத்தால் 3,000தான். எந்தப் பக்கம் பார்த்தாலும் குறைக்காமல் இருப்பதே மேல். இக்கட்டே இல்லை!

ஆகவே தேர்வில் இரண்டு கடைக் கதை வந்தாலே கைதிகளின் இக்கட்டு என்று எழுதிவிடக் கூடாது. நான்கு எண்ணையும் வரிசை பார்க்க வேண்டும். தனியாகக் குறைத்தவர் லாபம் முதலில், இருவரும் குறைக்காத லாபம் அடுத்து, இருவரும் குறைத்த லாபம் மூன்றாவது, ஏமாந்தவர் லாபம் கடைசி. இந்த வரிசை கெட்டால் அது வேறு ஆட்டம்.

வரிசையை வெளியிலிருந்தும் மாற்றலாம். நம் பாலாற்றங்கரையே சாட்சி. ஒரு தோல் பதனிடும் ஆலை மட்டும் செலவு செய்து கழிவுநீரைச் சுத்திகரித்தால் அதற்குத்தான் நஷ்டம், ஆறு எப்படியும் கெடும். எல்லோரும் அப்படியே நினைத்தால் ஆறு போயிற்று. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்து, சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாவிட்டால் மூட வேண்டும் என்றது. சுத்திகரிக்காதவரின் கட்டத்தில் இருந்த எண் அன்றோடு மாறியது.

"அப்ப ரெண்டு கடைக்காரரும் பேசி 300னு வெச்சுக்கலாமே தாத்தா?" என்றாள். பேசலாம், ஆனால் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் விலை பேசி வைப்பதை ஒப்புக்கொள்ளாது. அதுவும் நியாயம்தான், செருப்பு வாங்குகிற நமக்கு 260 அல்லவா நல்லது. பேசாமலே 300இல் நிற்க ஒரு வழி உண்டு. ஆட்டம் மாதாமாதம் தொடர்வதால், இன்று குறைத்தால் கிடைப்பது 400, நாளை முதல் மாதத்துக்கு 2,000 போகும் என்று இருவருக்கும் தெரிந்தால் போதும். அடுத்த மாதம் காலி செய்யப் போகிற கடையிடம் மட்டும் இது செல்லாது.

அவள் விடவில்லை. "உங்க சிநேகிதர் கடைக்கு எது சரி தாத்தா, தொண்ணூறா, அறுபத்தஞ்சா?"

எனக்குத் தெரியவில்லை. அன்று அவரிடமும் கேட்கவில்லை. மறுநாள் காலை நடையின்போது அந்த எதிர்க்கடையில் நின்றேன். அதே முதலாளிதான், தலை நரைத்துவிட்டது. "அவர் விலை குறைச்சப்ப உங்க கடையிலேர்ந்து எத்தனை பேர் அங்க போனாங்க?" என்று கேட்டேன்.

"எங்க சார், அன்னைக்குச் சாயங்காலமே நானும் குறைச்சிட்டேனே" என்றார்.