ஸ்டெபிலைசர் இருந்தும் கணினி ஏன் அணைகிறது?

மாலையில் தெருவெங்கும் மோட்டார்கள் ஓடத் தொடங்கி, 230 வோல்ட் மின்னழுத்தம் 170க்குச் சரியும்போது கணினி தானாக அணைந்து எழுமானால், அதற்கு சர்ஜ் புரொடெக்டர் மருந்தாகாது. மின்னல் போன்றவற்றால் கணநேரம் பாயும் மிகையழுத்தத்தைத் தணிப்பது மட்டுமே அதன் வேலை.

ரிலே வகை ஸ்டெபிலைசரோ, 'டக்' என்ற ஒலியுடன் இணைப்பை மாற்றும் சில மில்லிநொடிகளுக்கு மின்சாரத்தைத் துண்டிக்கிறது. கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். முழுச் சுமையில் ஏறத்தாழ 16 மில்லிநொடிகளே தாங்கும், பழையதாயின் அதுவும் குறையும்; துண்டிப்பு அதை மிஞ்சினால் கணினி அணையும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் ஒட்டிய சீட்டில் 100–240 வோல்ட் என்றிருந்தால் 170 அதற்கு ஒரு பொருட்டல்ல, ஸ்டெபிலைசர் வீண்செலவே; 200–240 என்றிருந்தால், தாழ்வழுத்தத்தைத் தானே உயர்த்தி, மின்வெட்டில் பேட்டரிக்கும் மாறும் லைன் இன்டராக்டிவ் யு.பி.எஸ். பொருந்தும்.

திரை அணைவது அந்த 'டக்' ஒலியோடுதானா என்று கவனித்தவர் எத்தனை பேர்?