மூளை அல்ல, மீன்

மெர்சிங் படகுத்துறையில் நேரத்தை முடிவு செய்வது கடல்தான். தண்ணீர் வற்றிக் கிடந்தால் தியோமான் தீவுக்குப் போகும் படகு கிளம்பாது. கடல் ஏறும்வரை பயணிகள் பக்கத்துச் சாப்பாட்டுக்கடைகளில் உட்கார்ந்திருப்பார்கள். 2023 டிசம்பரில் மலேசியா இந்தியர்களுக்கு விசா விலக்கு கொடுத்த பிறகு, அந்தக் கூட்டத்தில் மதுரைத் தமிழும் கோயம்புத்தூர்த் தமிழும் காதில் விழ ஆரம்பித்தன. தெரிந்த அண்ணன் ஒருவர் அங்கே கடை வைத்திருக்கிறார். "தம்பி, மெனுவ தமிழ்ல போட்டுக் குடு. மேச மேசயா நின்னு வெளக்க முடியல" என்றார். கூலி ஒரு மங்கு மீ ரெபுஸ்.

ஒரு ராத்திரி வேலை என்றுதான் நினைத்தேன். முதல் வரி நாசி லெமாக். லெமாக் என்றால் கொழுப்பு. 'கொழுப்புச் சோறு' என்று எழுதினால் யார் கேட்பார்கள்? 'தேங்காய்ப்பால் சாதம்' என்று போட்டேன். அதுவும் ஏமாற்றுதான். கிராம்பும் முந்திரியும் போட்ட சாதத்தை நினைத்து வருபவருக்கு நெத்திலியும் வேர்க்கடலையும் வெள்ளரித் துண்டும் அவித்த முட்டையும் சிவப்புச் சம்பலும் வந்து சேரும்.

அடுத்தது ஒட்டாக்-ஒட்டாக். மலாயில் ஒட்டாக் என்றால் மூளை. உள்ளே மூளை கிடையாது. மசாலாவோடு அரைத்த மீனை ஓலையில் மடித்து நெருப்பில் சுடுகிறார்கள். மூளை மாதிரி மெத்தென்று இருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். பெயரை அப்படியே தமிழில் எழுதலாம் என்றால் வேறு சங்கடம். மலாய் உச்சரிப்புக்கு நியாயமாக 'த்' போட வேண்டும். போட்டால் சென்னைக்காரர் காதில் கெட்ட வார்த்தை விழும். உச்சரிப்பு போனால் போகிறது என்று 'ட்' போட்டேன்.

பெயரே வேண்டாம், விளக்கம் மட்டும் போதும் என்றும் ஒரு நாள் யோசித்தேன். அதைக் கெடுத்தது பரிமாறும் பையன். அவன் வங்கதேசத்துக்காரன், தமிழ் தெரியாது. 'ஓலையில் சுட்ட மீன் விழுது' என்று வாடிக்கையாளர் வாசித்துக் காட்டினால் அவன் என்ன செய்வான்? பெயர் வாயால் கூப்பிடுவதற்கு. அது மலாயிலேயே இருந்தாக வேண்டும். தட்டில் என்ன வரும் என்பதைச் சொல்வது கீழே வரும் விளக்கத்தின் வேலை.

சில பெயர்களுக்கு இந்தப் பாடே இல்லை. புத்து மாயம் நம்ம இடியாப்பம்தான். தே தாரிக்கை 'இழுத்த தேநீர்' என்று எழுதப் போனவன், நாம் டீயை ஆத்துகிறோம் என்பது ஞாபகம் வந்து சிரித்துக்கொண்டேன். 'கெட்டிப்பால் ஊற்றி ஆத்தின டீ.' முடிந்தது.

நான் கோட்டை விட்டது சுலபமான வரியில். கங்கோங் பெலாச்சான். கங்கோங் நம் வள்ளைக்கீரை. பெயருக்குக் கீழே 'காரமாக வதக்கிய வள்ளைக்கீரை' என்று எழுதினேன். பொய் இல்லை. ஒரு சனிக்கிழமை, படகுக்குக் காத்திருந்த ஓர் அம்மா அதைத்தான் கேட்டு வாங்கினார். சோற்றில் பிசைந்து பாதி சாப்பிட்ட பிறகு, "ஏதோ வாட அடிக்குதே தம்பி" என்றார். நான் அங்கேதான் இருந்தேன். பெலாச்சான் என்பது கூனி இறாலை உப்புப் போட்டுக் காயவைத்து இடித்துப் புளிக்கவைத்த கட்டி. சட்டியில் அது வதங்கும்போது தெரு முழுக்க மணக்கும். எங்களுக்கு அது கீரையின் மணம். அதனால்தான் எழுதத் தோன்றவில்லை. அந்த அம்மா பிறந்ததிலிருந்து சைவம். திட்டவில்லை. எழுந்து போய் ரொம்ப நேரம் வாய் கொப்பளித்தார். பிறகு தண்ணீர்கூடக் குடிக்காமல் படகேறினார்.

தெரியாத பெயரைப் பார்த்தால் ஆள் நின்று கேட்பார். 'கீரை' என்று பார்த்தால் கேட்க மாட்டார். சம்பலும் அப்படித்தான். யாழ்ப்பாணத்துக்காரருக்குச் சம்பல் என்றால் தேங்காய். இங்கே மிளகாய் விழுதில் பெலாச்சான் இருக்கும்; நாசி லெமாக்கின் சம்பலில் பெரும்பாலும் நெத்திலியும் சேரும்.

மறுநாள் மெனுவை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். ஒவ்வொரு வரிக்கும் சமையல்காரரிடம் ஒரே கேள்வி: கண்ணுக்குத் தெரியாமல் என்ன போடுகிறீர்கள்? பூண்டு போட்ட கங்கோங் சைவம் என்று நினைத்திருந்தேன். அதில் ஒரு கரண்டி சிப்பிச் சாறு. பருப்பு எடுக்கும் அகப்பை மீன் குழம்பிலும் போய்வருகிறது. அதை எந்த மொழியில் எழுதுவது? அண்ணனிடம் சொன்னேன், தனி அகப்பை வாங்கிப் போட்டார்.

இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: "கங்கோங் பெலாச்சான். இறால் விழுது சேர்த்து வதக்கிய வள்ளைக்கீரை. சைவம் அல்ல." அண்ணனுக்குக் கடைசி இரண்டு வார்த்தை பிடிக்கவில்லை. "யாவாரம் கொறையும் தம்பி" என்றார். கீரை கொஞ்சம் குறைவாகத்தான் போகிறதாம். வார்த்தைகளை எடுக்கச் சொல்லவில்லை. மெனுவின் கடைசியில் இன்னொரு வரியும் சேர்த்தோம், வாசித்தால் அந்தப் பையனுக்குப் புரிகிற மாதிரி: "தா மாவ் பெலாச்சான், தா மாவ் ஈக்கான், தா மாவ் ஊடாங்." பெலாச்சான் வேண்டாம், மீன் வேண்டாம், இறால் வேண்டாம்.