ரயிலில் கேட்டுப் படிக்க ஒரு சட்டச் சுருக்கம்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி நம்மிடம் நோட்ஸ் ஏராளமாக இருக்கிறது. பெரும்பாலும் மேசையில் உட்கார்ந்து, பென்சிலால் அடிக்கோடிட்டுப் படிக்கிறவர்களுக்காக எழுதப்பட்டவை. நம் பிள்ளைகளில் பலருக்கு அப்படியொரு மேசையும் இல்லை, அதற்கான நேரமும் இல்லை. ரயிலிலும் பஸ்ஸிலும் போகிற நேரம் மட்டும் தாராளமாக இருக்கிறது.

எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி திருத்தணியிலிருந்து தினமும் சென்னைக்கு வேலைக்குப் போய்வருகிறாள். தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறாள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அரக்கோணம் தாண்டினால் புத்தகத்தைப் பிரிக்க இடமிருக்காது; ஒரு கை கம்பியில், ஒரு கை பையில். சமூகச் சட்டங்கள் தாளுக்காகத் தன் நோட்டை அப்படியே வாசித்து, போனில் பதிவு செய்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் கழித்து, "அக்கா, எல்லாம் காதுல விழுது, ஒண்ணும் நிக்கல" என்றாள். பதிவை வாங்கிக் கேட்டேன். குரல் தெளிவாகத்தான் இருந்தது. எழுத்துதான் காதுக்கானதாக இல்லை.

அவள் நோட்டில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவின் கீழ், முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வதற்கு முன் ஆரம்ப விசாரணையோ, குற்றம் சாட்டப்பட்டவரைக் கைது செய்வதற்கு உயர் அதிகாரியின் ஒப்புதலோ தேவையில்லை."

கண்ணால் படித்தால் இதில் குறையில்லை. காதால் கேட்டால் இரண்டு சிக்கல்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. அது வரும்வரை திருத்தம், பிரிவு, அறிக்கை, விசாரணை, ஒப்புதல் என்று அத்தனையையும் கேட்கிறவர் மனதில் தூக்கிக்கொண்டே வரவேண்டும். படிக்கிறவருக்குப் பிடி நழுவினால் கண்ணை மேலே ஓட்டிக்கொள்வார். நெரிசலில் நிற்கிறவருக்கு அது முடியாது.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. எதிர்மறையும் கடைசியில்தான் வருகிறது. வண்டி பாலத்தில் ஏறுகிற சத்தத்தில் "தேவையில்லை" என்பதன் வால் அமுங்கினால் "தேவை" மட்டும் மிஞ்சும். சட்டம் தலைகீழாகிவிடும். இந்தப் பிரிவில் அது வெறும் மதிப்பெண் விவகாரமல்ல. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆரம்ப விசாரணையையும் கைதுக்கு முன் ஒப்புதலையும் கொண்டுவந்தது. அதை மாற்றத்தான் அதே ஆண்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. காவல் நிலையத்தில் "விசாரிச்சுட்டுத்தான் எஃப்.ஐ.ஆர். போடுவோம்" என்று சொல்லும்போது, இதைத் தலைகீழாகக் கேட்டுப் பழகியவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிடுவாள்.

அதனால் முதல் வேலையாக எதிர்மறையை முன்னால் கொண்டுவந்தோம். "வேண்டாம். எஃப்.ஐ.ஆர். போட ஆரம்ப விசாரணை வேண்டாம். கைது செய்ய மேலதிகாரி ஒப்புதலும் வேண்டாம். இது பதினெட்டு ஏ." ஒரே எதிர்மறை மூன்று முறை வருகிறது. ஒன்று சத்தத்தில் போனாலும் இரண்டு மிஞ்சும். பிரிவு எண் கடைசியில், தனியாக. எண்ணை முதலில் சொன்னால் அது எதற்கான எண் என்று தெரிவதற்குள் மறந்துவிடுகிறது.

அடுத்தது வரிசை. நோட்டில் பிரிவு 3, 4, 14, 15ஏ, 18, 18ஏ என்று சட்டப் புத்தகத்தின் வரிசை இருந்தது. எண் வரிசையில் கேட்டால், ஒன்றை விட்டால் அடுத்ததைப் பிடிக்க எந்தக் கொக்கியும் கிடையாது. அதனால் ஒரு புகார் நடந்துபோகிற வழியில் அடுக்கினோம்: புகார் சொல்வது, எஃப்.ஐ.ஆர்., கைது, புலன் விசாரணை, குற்றப்பத்திரிகை, வழக்கு விசாரணை. இடையில் இரண்டு நிமிடம் தவறினாலும், கதை எங்கே நிற்கிறது என்பது கேட்கிறவளுக்குத் தெரியும்.

இந்த வரிசையால் இன்னொரு குழப்பமும் தீர்ந்தது. "60 நாள்" ஓரிடத்திலும் "இரண்டு மாதம்" வேறோர் இடத்திலும் வருவதால் இரண்டும் காதில் ஒன்றாகிவிடுகின்றன. கதையாகச் சொன்னால் ஒரு கடிகாரம் நிற்கிற இடத்தில் மற்றொன்று ஓடத் தொடங்குகிறது. புலன் விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதுவரை 60 நாள். அது விதி 7. தாக்கல் செய்த நாளிலிருந்து, கூடியவரை இரண்டு மாதத்துக்குள் வழக்கு விசாரணை முடியவேண்டும். அது பிரிவு 14.

மூன்றாவது, எழுத்துக்கு மட்டுமே பொருந்துகிற சொற்கள். "மேற்கண்ட", "கீழ்க்கண்ட", "முன்னது", "பின்னது" எல்லாம் தாளில் இடத்தைக் காட்டுகிற சொற்கள். காதுக்கு மேலும் கீழும் இல்லை. "அவர்" என்பதும் அப்படித்தான். புகார் கொடுத்தவரா, குற்றம் சாட்டப்பட்டவரா, டி.எஸ்.பி.யா? ஒவ்வொரு முறையும் பெயர்ச்சொல்லையே திருப்பிச் சொல்லவேண்டும். கட்டுரையில் அலுப்பாகத் தெரிவது ஒலியில் உறுத்தாது.

கடைசியாக, கேள்வி. ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் அது பழகிப்போகிறது. பழகியதைத் தெரிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். அதனால் ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் கேள்வி கேட்டு, ஐந்து நொடி மௌனம் விட்டு, பிறகு பதில். அந்த மௌனத்தையும் பதிவு செய்யவேண்டும். நெரிசலில் போனை எடுத்து நிறுத்த யாருக்கும் கை இருக்காது. பதிவு செய்கிறபோது ஐந்து நொடி ரொம்ப நீளமாகத் தோன்றும், குறைக்கத் தோன்றும். மனதுக்குள் ஐந்துவரை எண்ணிவிட்டுப் பேசினால் சரியாக வரும்.

நாங்கள் எழுதிய முதல் பகுதி இது:

"இன்று ஒரு புகார். காவல் நிலைய வாசல்வரை போகிறோம். மூன்று விஷயம்.

ஒன்று. எழுதிக் கொண்டுபோக வேண்டிய கட்டாயம் இல்லை. வாயால் சொன்னால் போதும். நிலைய அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். இது விதி ஐந்து.

இரண்டு. எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும். முதலில் வாசிப்பு. பிறகுதான் கையெழுத்து.

மூன்று. நகல் இலவசம். புகாரைப் பதிந்ததும் நகல் கொடுக்க வேண்டும். காசு கிடையாது.

இதையெல்லாம் அதிகாரி வேண்டுமென்றே செய்யாவிட்டால்? அது குற்றம். ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை சிறை. இது பிரிவு நான்கு.

கேள்வி. கையெழுத்துக்கு முன் என்ன நடக்க வேண்டும்? (ஐந்து நொடி)

வாசித்துக் காட்ட வேண்டும்.

கேள்வி. நகலுக்கு எவ்வளவு? (ஐந்து நொடி)

இலவசம்."

ஸ்கிரிப்டில் எண்களை எழுத்தில் எழுதியது வேண்டுமென்றே. 18ஏ என்று தாளில் இருந்தால் வாசிக்கிறவர் ஒருநாள் "எயிட்டீன் ஏ" என்பார், இன்னொருநாள் "பதினெட்டு ஏ" என்பார். காதுக்கு அவை இரண்டு வெவ்வேறு பிரிவுகள்.

நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 80, 90 தமிழ்ச் சொற்கள் போகும். ஒரு பதிவு ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டோம். மௌனங்களைக் கழித்தால் 350 சொற்கள்தான் கிடைக்கும். எதை விடுவது என்ற கேள்வி அங்கேதான் வருகிறது.

வரலாற்றை விட்டோம். தண்டனைப் பட்டியலை விட்டோம். பிரிவு 3இன் நீண்ட உட்பிரிவு வரிசையைக் காதில் போட்டு ஏற்ற முடியாது, அது வீட்டில் தாளில் படிக்க வேண்டியது. விதிவிலக்கை மட்டும் விடக்கூடாது. "இந்தச் சட்டத்தில் முன்ஜாமீன் கிடையாது, பிரிவு 18" என்று நிறுத்தினால் அழகாக இருக்கிறது, ஆனால் அரைகுறை. புகாரைப் பார்த்த அளவில் இந்தச் சட்டப்படியான குற்றமே தெரியவில்லை என்றால் இந்தத் தடை பொருந்தாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் 18ஏ வழக்கில் சொல்லியிருக்கிறது. அதனால் அந்த வரியோடு இதையும் சேர்த்தோம்: "ஒரே ஒரு வாசல் உண்டு. புகாரில் சாதிக் குற்றமே தெரியவில்லை என்றால் தடை இல்லை. அதனால் என்ன நடந்தது, யார் சொன்னது, எந்த இடத்தில், புகாரில் எல்லாம் வரவேண்டும்." விதிவிலக்கைச் சேர்த்த பிறகுதான் புகாரை எப்படி எழுதுவது என்பதும் அவளுக்குப் புரிந்தது.

ஸ்கிரிப்ட் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரே வழிதான். வண்டியிலிருந்து இறங்கியதும் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து, கேட்டவற்றில் ஐந்தைத் துண்டுச் சீட்டில் எழுதச் சொன்னேன். முதல் நாள் மூன்று வந்தது. விடுபட்டவை இரண்டும் ஸ்கிரிப்டில் நீளமான வாக்கியங்களாக இருந்தன. ஒன்று 15ஏ: ஜாமீன் விசாரணை உட்பட நீதிமன்ற நடவடிக்கைகளைப் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்கு உரிய நேரத்தில் தகவல் தரவேண்டும் என்பது. அதை, "ஜாமீன் கேட்டால் நமக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் நடத்தக்கூடாது. இது பதினைந்து ஏ" என்று உடைத்தோம். அடுத்த நாள் அது சீட்டில் வந்தது. ஒரே வரி மூன்று நாள் தொடர்ந்து விடுபட்டால் அவள் மறதியைக் குறை சொல்லாமல் வாக்கியத்தைத்தான் மாற்றினோம்.

ஒரு காதில் மட்டும் இயர்போன். அறிவிப்பும் கேட்கவேண்டும், பக்கத்தில் நிற்கிறவர் யார் என்பதும் தெரியவேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தால் போதும். வேறு கருவி எதுவும் வாங்கவில்லை.

இப்போது ஆறு பதிவுகள் இருக்கின்றன. முதல் பதிவை அவள் தன் அம்மாவுக்கும் போட்டுக் காட்டியிருக்கிறாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேட்டு முடித்ததும் அவர் கேட்ட கேள்வி: "வாசிச்சுக் காட்டாம கைநாட்டு கேட்டா வைக்கக் கூடாதா?" கூடாது. இரண்டாவது விஷயத்தில் "கையெழுத்து" என்று இருந்த இடத்தில் "கையெழுத்து, கைநாட்டு" என்று மாற்றிப் பதிந்திருக்கிறோம்.