பொய் சொல்லும் காது

காது மூக்கு தொண்டை கிளினிக்கில் இசைக்கவையை மேசையில் தட்டுவதில்லை. மேசையில் தட்டினால் அடிப்படைச் சுரத்தோடு வேண்டாத உபசுரங்களும் எழுந்து நோயாளியைக் குழப்பும். வைத்தியர் தன் முழங்கையில் தட்டுகிறார். கையில் இருப்பது 512 ஹேர்ட்ஸ் கவை. அதைவிடத் தாழ்ந்த கவையை எலும்பில் வைத்தால் சத்தமாகக் கேட்பதற்கு முன் அதிர்வாக உணரப்படும். உயர்ந்த கவை சீக்கிரம் ஓய்ந்துவிடும். 512 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

கல்முனைக் கரையோரத்து வைத்தியசாலை ஒன்றின் கிளினிக்கில், அனுமதி பெற்று ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கரையோர ஊர்கள் எல்லாவற்றிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். இந்த வேலையின் பாதி, கேள்வி கேட்பதில் இருக்கிறது என்பது கொஞ்ச நேரத்திலேயே தெரிந்தது. "கேக்குதா?" என்று கேட்டால் எல்லாரும் "ஓம்" என்பார்கள். அதனால் வைத்தியர் அப்படிக் கேட்பதில்லை. கவையின் காம்பைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பு மேட்டில் அழுத்தி, பிறகு கிளைகளைக் காதுத் துவாரத்துக்கு நேரே, தொடாமல், ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்து, "எது சத்தம் கூட, பின்னுக்கா முன்னுக்கா?" என்கிறார். தலைமறைப்பு அணிந்த பெண்களுக்குத் துணியையும் முடியையும் விலக்கி எலும்பைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அங்கிருந்த செவிப்புலப் பரிசோதகரின் வேலை. துணியின் மேல் வைத்தால் அழுத்தம் சரியாக விழாது.

இது ஹென்ரிச் அடோல்ஃப் றின்னே 1855இல் விவரித்த சோதனை. காற்று வழியாக வரும் சத்தம் செவிப்பறை, சிற்றெலும்புகள் எல்லாம் தாண்டி உட்காதுக்குப் போகிறது. எலும்பு வழிச் சத்தம் அந்தப் பாதையைத் தவிர்த்து நேரே உட்காதை அசைக்கிறது. நல்ல காதில் காற்றுவழியே ஓங்கும். பின்னால் வைத்தது கூடக் கேட்டால், வெளிக்காதிலோ நடுக்காதிலோ பாதை அடைபட்டிருக்கிறது என்று பொருள். வைத்தியர்கள் அதைக் கண்டக்டிவ் என்கிறார்கள். உட்காதோ நரம்போ பழுதானால் இரண்டு வழியும் சேர்ந்தே குறையும். ஆகவே முன்னால் வைத்ததே ஓங்கி நிற்கும். அது சென்சரிநியூரல்.

வேபர் சோதனை இன்னும் எளியது. கவையை நெற்றி நடுவில் வைத்து, சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்பது. இதை நீங்களே பார்க்கலாம்: ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு வாய் மூடி "ம்ம்" என்று முனகுங்கள். முனகல் அடைத்த காதுக்குத்தான் போகும். வெளியே தப்ப வேண்டிய தாழ்ந்த ஒலி உள்ளேயே தங்குகிறது. வெளி இரைச்சலும் அந்தக் காதைத் தொந்தரவு செய்வதில்லை. எனவே அடைப்புள்ள நோயாளிக்குச் சத்தம் கேளாத காதிலே கேட்கும், நரம்புப் பழுதுள்ளவருக்கு நல்ல காதில். கேளாத காதில் கேட்கிறது என்று சொல்லப் பலருக்கு வெட்கம். ஆகையால் "யோசிக்காம சொல்லுங்க" என்பது வைத்தியரின் வழமையான வாக்கியம்.

சாய்ந்தமருதுச் சிறுமி ஒருத்தி பாடநூல் போல வந்தாள். வலக்காதில் அடிக்கடி சீழ், செவிப்பறையில் துளை. பின்னால் வைத்ததே கூட, நெற்றிச் சத்தமும் வலப்பக்கமே. முடிந்தது.

வினாயகபுரத்துக் கடற்றொழிலாளியின் கதைதான் வேறு. திருக்கோவில் தாண்டியுள்ள ஊர். விடியற்காலை பஸ் ஏறி வந்திருந்தார். வயது ஐம்பதுக்கு மேல். ஐந்து நாளைக்கு முன் தூங்கி எழும்பும்போது வலக்காது அடைத்திருக்கிறது, கூடவே இரைச்சல். கடல் தண்ணி போயிருக்கும் என்று விட்டுவிட்டார். யாரோ குறும்பி என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். உள்ளே பார்த்தால் குறும்பியும் இல்லை, தண்ணீரும் இல்லை. செவிப்பறை சாம்பல் நிறத்தில் மினுங்கியது.

றின்னே சோதனையில் இடக்காது ஒழுங்கு. வலக்காதில் "பின்னுக்குத்தான் கூட. முன்னுக்கு ஒண்டுமே இல்ல." அப்படியானால் கண்டக்டிவ். அந்த ஒரு சோதனையோடு நின்றிருந்தால், நடுக்காதில் நீர் என்று மாத்திரை எழுதி அனுப்பியிருக்கலாம். வைத்தியர் கவையை மீண்டும் முழங்கையில் தட்டி நெற்றியில் வைத்தார்.

"எந்தப் பக்கம், ஐயா?"

"இடப்பக்கம், டொக்டர்."

இரண்டும் ஒத்துப்போகவில்லை. வலக்காது அடைபட்டிருந்தால் சத்தம் வலப்பக்கம் போயிருக்க வேண்டும். விளக்கம் மண்டையோட்டில் இருக்கிறது. எலும்பில் வைத்த அதிர்வு ஏறக்குறைய எதையும் இழக்காமல் மறுபக்க உட்காதுக்குப் போய்விடும். வலது எலும்பில் வைத்த கவையை அவர் கேட்டது இடக்காதால். ஒரு வீட்டுக் கதவைத் தட்ட, பக்கத்து வீட்டுக்காரர் "ஓம்" என்பது போல. இதைப் பொய் எதிர்மறை றின்னே என்கிறார்கள். ஒரு காதின் நரம்புக் கேள்வி கடுமையாகவோ முற்றாகவோ போன இடத்தில்தான் இது வரும்.

உறுதிப்படுத்தியது ஓடியோகிராம். பரிசோதகர் அவரைச் சிறிய அறைக்குள் இருத்தி ஹெட்போன் மாட்டினார். "கேட்டா பட்டனை அமத்துங்க வாப்பா" என்றார். அவரோ "சரி மகள்" என்றார். சத்தம் கேட்டால் பத்து டெசிபல் இறக்கம், கேட்காவிட்டால் ஐந்து ஏற்றம், இப்படித் தேடித் தேடி எல்லையைக் குறிப்பது முறை. நடுவில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னபோது பரிசோதகர் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். அறை முழுமையாக ஒலி புகாதது அல்ல. அந்த நேரத்தில் அளந்தால் 250, 500 ஹேர்ட்ஸில் இல்லாத குறை ஒன்று கூடுதலாகப் பதிவாகும்.

தாளில் இடக்காது நீலப் பெருக்கல் குறிகளாக 15 டெசிபல் அளவில் ஓடி, 4000 ஹேர்ட்ஸில் மட்டும் 45க்குச் சரிந்து, 8000இல் மீண்டும் ஏறியது. பல வருட வெளிஇணைப்பு எஞ்சின் சத்தம் விட்டுப்போன பள்ளம் அது. அவர் அதை உணர்ந்திருக்கவே இல்லை. வலக்காதின் சிவப்பு வட்டங்கள் 60, 65இல். வலது எலும்புவழியோ 10, 15இல். ஐம்பது டெசிபல் இடைவெளி! காகிதமும் கவையைப் போலவே பொய் சொல்லிக்கொண்டிருந்தது. 65இல் கேட்டதும் வலக்காது அல்ல. ஹெட்போன் சத்தம் நாற்பது, ஐம்பது டெசிபல் தாண்டினால் மண்டையைக் கடந்து மறுகாதை எட்டிவிடும்.

பரிசோதகர் இப்போது இடக்காதில் இரைச்சல் விட்டு அதை வேலையாக்கினார். மறைப்பு என்பது இதுதான். வலது எலும்புவழி கீழே இறங்கியது, இறங்கியது, இயந்திரத்தின் எல்லைவரை பதிலே இல்லை. வட்டங்கள் 500இல் 85க்கும் 1000இல் 95க்கும் போயின, 4000இல் ஒன்றுமில்லை. இடைவெளி மறைந்தது. மறைப்பில்லாமல் எடுத்த ஓடியோகிராமை நம்பி நல்ல நடுக்காதைத் திறந்து பார்க்கும் ஆபத்து எவ்வளவு அருகில் இருக்கிறது என்று நினைத்தேன்.

மூன்று நாளுக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் 30 டெசிபலோ அதற்கு மேலோ விழுந்தால் அது திடீர் நரம்புக் கேளாமை. காரணம் பெரும்பாலும் தெரிவதில்லை. ஸ்டீரொய்ட் மருந்தை முதல் இரண்டு கிழமைக்குள் தொடங்கினால்தான் பலனுக்கு வாய்ப்பு அதிகம், அப்போதும் உத்தரவாதம் இல்லை. சீனி வருத்தம் இருக்கிறதா என்று இரத்தம் பார்த்துவிட்டு அன்றே தொடங்கினார்கள். செவிநரம்பில் கட்டி இல்லை என்று அறிய எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கும் எழுதினார்கள்.

சில கிழமை கழித்து அவர் திரும்ப வந்தபோதும் நான் அங்கிருந்தேன். வலக்காது 500 ஹேர்ட்ஸில் 55க்கும் 1000இல் 65க்கும் ஏறியிருந்தது. எலும்புவழியும் கூடவே ஏறியிருந்தது. மேல் சுரங்களில் மாற்றமில்லை. கவையை மட்டும் கேட்டிருந்தால் இந்த முன்னேற்றம் தெரிந்தே இராது: வலப்பக்கம் இன்னும் "பின்னுக்குத்தான் கூட", நெற்றிச் சத்தம் இன்னும் இடப்பக்கம். எந்த வகைக் கேளாமை என்று அது சொல்லும், எத்தனை டெசிபல் என்று சொல்லாது. வள்ளத்தில் இனி எந்தப் பக்கம் இருப்பது என்று அவர் கேட்டார். கூட வாறவர் இடப்பக்கம் வருமாதிரி இருக்கச் சொன்ன வைத்தியர், எஞ்சின் பக்கத்தில் இருக்கும்போது இடக்காதுக்கு மூடி போடச் சொல்லி, 4000இல் இருந்த பள்ளத்தைப் பேனையால் தட்டிக் காட்டினார்.